எடை குறையும் வரிசையில்

தகர டப்பாவின் வயிற்றைச் சுற்றி ஒட்டுகிற தாளில் என்னென்ன வரவேண்டும் என்று ஜோமோன் வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். அதில் மூன்றுதான் மௌனிகா யோசித்து எழுத வேண்டியவை. சேர்மானங்கள், எத்தனை நாள் தாங்கும் என்பது, பரிசாகக் கொடுக்கிறவர்களுக்காக ஒரு சின்ன வரி. மற்றதெல்லாம், நிகர எடையும் விலையும் பச்சைப் புள்ளியும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் தயாரிப்பவர் பெயரும் விலாசமும், பழைய ஸ்டிக்கரில் இருப்பதை அப்படியே எடுத்துப் போட்டால் போதும் என்று அவள் நினைத்தாள்.

ஏலப்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு தங்கும் விடுதி. அதற்குக் கொள்முதல் பார்க்கிறவன் ஜோமோன். ஓணத்துக்கு நெம்மாறைக் கடையில் வாங்கின தட்டுவடையின் பொட்டலத்தில் இருந்த போன் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தான். தீபாவளிக்குத் தங்க வருகிறவர்களுக்குக் கொடுக்க இருநூற்று நாற்பது டப்பா, இந்த ஒரு தடவைக்கு மட்டும். பாலக்காட்டுக்குத் தெற்கே, கொல்லங்கோட்டுப் பக்கத்துச் சின்ன ஊரில் மூன்று பெண்கள் சேர்ந்து நடத்தும் 'அடிவாரம் பலகாரம்' இதுவரை டப்பாவைக் கண்டதில்லை. பிளாஸ்டிக் பொட்டலத்துக்கு மேல் போனதில்லை.

"எழுத்து வேலையெல்லாம் நீ பாரு கண்ணு. எங்களுக்கு என்ன தெரியும்" என்று கூட்டாளி பொன்னாத்தாள் சொன்னபோது, மௌனிகாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடம் பார்த்து உட்கார்ந்தது போல இருந்தது. நான்கு மாதமாக அவளுக்கு ஒரு வேலையும் இல்லாமல் இருந்தது.

வைகாசியில் அவள் புருஷன் கோகுல்நாத் வயலில் மோட்டார் போடப் போனவன் பம்புசெட்டுத் திண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். முப்பத்தொன்பது வயது. குழந்தை இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஆவணி பிறந்து, ஓணத்துக்குக் கடைக்காரர்கள் கேட்க ஆரம்பித்ததும் தொழிலைத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் எண்ணெய்ச் சட்டி அவள் வீட்டில் ஏறவில்லை. எழவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரைக்கும் நோம்பி, பண்டிகை எதற்கும் சட்டி வைக்கக் கூடாது. சொந்தக்காரர்கள்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது அவளுக்கும் தெரிந்ததுதான். அவளே எத்தனையோ வீடுகளுக்குத் தூக்குப்போசியில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். விற்கிற பலகாரத்துக்கும் அது உண்டா என்று அவள் கேட்கவில்லை. யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. ஒரு நாள் காலையில் பொன்னாத்தாளின் புருஷன் மாரப்பன் டெம்போவைக் கொண்டுவந்து நிறுத்தி, அடுப்பு, சிலிண்டர், இரண்டு சட்டி, மாவு சலிக்கிற சல்லடை எல்லாவற்றையும் ஏற்றினார். "நோம்பி முடியற மட்டும் அங்க இருக்கட்டும் மௌனிகா" என்றார். அவளும் ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டாள். நான்கு வீடு தள்ளித்தான் பொன்னாத்தாளின் வீடு. அங்கே போக அவளுக்குத் தடை ஒன்றும் இல்லை. சட்டிக்குப் பக்கத்தில் போனால் மட்டும் யாராவது அவளை வேறு எதற்காவது கூப்பிட்டார்கள்.

இப்போது லேபிள் வந்திருந்தது. அதை எழுத அவளைத் தவிர ஆள் இல்லை.

டப்பாவில் மூன்று பலகாரம். தட்டுவடை, கைமுறுக்கு, வெல்லப் பாகில் செய்கிற கச்சாயம். சேர்மானங்களை எடை குறையும் வரிசையில் எழுத வேண்டும், எது அதிகமோ அது முதலில். இத்தனை நாள் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. பழைய ஸ்டிக்கரில் 'அரிசி மாவு, உளுந்து, எண்ணெய், உப்பு மற்றும் பல' என்று இருந்தது. அந்த 'மற்றும் பல' இனி ஆகாது. மௌனிகா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பொன்னாத்தாள் வீட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். உள்ளே சட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கேட்டு எழுதினாள்.

சட்டியில் ஊற்றின எண்ணெய் எவ்வளவு, வேலை முடிந்து இறக்கும்போது மிச்சம் எவ்வளவு என்று இரண்டு தடவை நிறுக்கச் சொன்னாள். பலகாரம் குடித்ததுதான் கணக்கு. தட்டுவடையில் நிலக்கடலையைவிட எண்ணெய் கூடுதலாக இருந்தது. அரிசி மாவுக்கு அடுத்த இடம் எண்ணெய்க்குப் போனது. அதைக் கேட்டு மூன்றாவது கூட்டாளி மருதாத்தாள் ஜன்னலில் முகத்தை வைத்தாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"எண்ணெயத்தான் விக்கறோம்னு ஊருக்கே சொல்லப் போற. அப்பறம் எவன் வாங்குவான்?"

"வாங்கறவங்க படிக்க மாட்டாங்கக்கா. படிக்கறவங்களுக்குத்தான் எழுதறோம்."

உப்பு எவ்வளவு என்று கேட்டபோது மருதாத்தாள் கையை விரித்துக் காட்டினாள். இத்தனை. அந்த இத்தனையைத் தராசில் போடச் சொன்னாள் மௌனிகா. மிளகாய்த்தூளைவிட உப்புக் கொஞ்சம் கூட வந்தது. இருபது வருஷமாக உப்பைக் கையால் அள்ளிப் போட்டவள், தராசு முள்ளைப் பார்த்துவிட்டு, "என்ர கையே எனக்குப் பொய் சொல்லியிருக்குது பாரு" என்று சிரித்தாள். மௌனிகாவும் சிரித்தாள். சிரித்த பிறகுதான், சிரித்தது தெரிந்தது.

பெருங்காய டப்பாவைக் கேட்டு வாங்கி அதன் பின்பக்கத்தைப் படித்தாள். கூட்டுப் பெருங்காயம். அதற்குள் கோதுமை மாவு. அரிசிப் பலகாரம்தானே என்று நினைத்திருந்ததற்குள் கோதுமை ஒளிந்திருந்தது. வெண்ணெயும் கடலையும் சேர, 'ஒவ்வாமை உள்ளவர்கள் கவனத்துக்கு: நிலக்கடலை, பால், கோதுமை உள்ளது' என்று தனியாக ஒரு வரி எழுதினாள். முன்பின் தெரியாத ஒருவருடைய தொண்டை அடைத்துக்கொள்ளாமல் இருக்கத் தன் கை ஒரு வரி எழுதுகிறது என்பதில் அவளுக்கு ஒரு அமைதி இருந்தது. கோகுல்நாத்துக்கு அப்படி ஒரு வரி எங்கும் எழுதியிருக்கவில்லை.

எத்தனை நாள் தாங்கும் என்பதை அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. போன வருஷமே, போட்ட பலகாரம் ஒவ்வொன்றிலும் சில பொட்டலங்களை எடுத்துத் தேதி எழுதி அலமாரியில் அடுக்கியிருந்தாள். வாரத்துக்கு ஒன்று பிரிப்பாள். உடைத்துச் சத்தம் கேட்பாள், மோந்து பார்ப்பாள், நாக்கின் நுனியில் வைப்பாள். தட்டுவடையும் முறுக்கும் ஐம்பது நாளைக்கு மேல் நின்றன. பிறகுதான் எண்ணெய்க் காறல் லேசாக வந்தது. பாலக்காட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கும் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாள். அவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். ஐந்து நாளைக் கழித்து நாற்பத்தைந்து என்று வைத்தாள். கச்சாயம் இருபத்திரண்டாம் நாளே பிசுபிசுத்து ஒரு மாதிரி நாறியது.

ஒரே டப்பாவில் மூன்றையும் வைத்தால், முதலில் கெடுவதன் தேதிதான் முழு டப்பாவுக்கும் தேதி. ஜோமோன் நாற்பத்தைந்துக்குக் குறைந்து ஒத்துக்கொள்ளவில்லை. விருந்தாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோய் மெதுவாகத் தின்பவர்கள் என்றான். கச்சாயத்தை எடுத்துவிட்டு, இரண்டு மாதம் கெடாத கடலை உருண்டை வைக்க வேண்டியதாயிற்று. மூன்றில் கச்சாயம்தான் மௌனிகாவின் கை. பாகு பதம் அவளுக்கு மட்டும்தான் பிடிபடும். இந்த வருஷம் அவள் பதம் சொல்ல, பொன்னாத்தாள் பாகு எடுப்பதாக இருந்தது. கச்சாயத்துக்கு எழுதியிருந்த நான்கு சேர்மானத்தை அவளே அடித்தாள். அடிக்கும்போது கை நிதானமாகத்தான் இருந்தது. எழுத்து வேலை இருக்கிறது, அது போதும் என்று சொல்லிக்கொண்டாள்.

பரிசு வரிக்கு மூன்று நாள் ஆனது. பத்துச் சொல்லுக்கு மேல் போகக் கூடாது. மகிழ்ச்சி பொங்கட்டும், ஒளி பெருகட்டும் என்றெல்லாம் எழுதிப் பார்த்தாள். இனிப்புக் கடைப் பையில் அச்சடித்ததைப் போலவே இருந்தது. தான் நம்பாத ஒன்றை இருநூற்று நாற்பது தடவை சொல்லக் கூசியது. மருதாத்தாளைக் கேட்டதற்கு, "குடுக்கறவன் குடுக்கட்டும், திங்கறவன் திங்கட்டும்னு எழுது. அதுல ஒரு பொய்யும் இல்ல" என்றாள். கடைசியில் ஒரு மத்தியானம், காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருக்கும்போது வந்தது:

எங்கள் கையால் செய்தது. உங்கள் கையால் கொடுங்கள்.

அவள் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். எங்கள் என்ற சொல்லில் நாக்குக் கொஞ்சம் நின்றது. நின்றாலும் சரியாகத்தான் இருந்தது. உப்பை நிறுக்க வைத்தது யார், கோதுமையைக் கண்டுபிடித்தது யார், நாற்பத்தைந்து நாளை நாக்கில் வைத்துப் பார்த்தது யார்?

தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டிக் கோயமுத்தூரில் ஸ்டிக்கர் அடிக்கிறவர் வழியாக லேபிளின் படத்தை ஜோமோனுக்கு அனுப்பினாள். கீழே, பழைய ஸ்டிக்கரிலிருந்து எடுத்த வரி: தயாரிப்பு, மௌனிகா கோகுல்நாத், அவள் வீட்டு எண், ஊர், பின்கோடு. அதற்கடுத்துப் பதினான்கு இலக்கப் பதிவு எண்.

மறுநாள் ஜோமோன் கூப்பிட்டான். தோட்டத்து ஆட்களோடு பேசிப் பழகின தமிழ் அவனுடையது.

"சேச்சி, லேபிள் சூப்பரா இருக்கு. அந்தக் கை வரி எங்க மேனேஜருக்கு ரொம்பப் பிடிச்சுது. இனி ரெண்டே ரெண்டு காரியம். சர்ட்டிபிகேட் காப்பி ஒண்ணு. பின்னே கிச்சன் போட்டோ. சர்ட்டிபிகேட் சுவர்ல மாட்டியிருக்கிறது அதில தெரியணும், கேட்டோ."

"சரிங்க" என்றாள் மௌனிகா.

போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகைக்குப் போனாள். மாட்டுக் கொட்டகையாக இருந்ததைத்தான் கோகுல்நாத் வெள்ளை டைல்ஸ் ஒட்டி, ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்து, தண்ணீர்க் குழாய் இழுத்து அவளுக்குச் சமையல் கூடமாக்கிக் கொடுத்தான். பதிவுச் சான்றிதழ் வந்த அன்று அதைச் சட்டம் போட்டு, ஆணி அடித்து, சாய்ந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தான். அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அடுப்பு இருந்த இடத்தில் நான்கு கால்களின் தடம். டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் தூசி படிந்து சாம்பல் நிறமாகியிருந்தது. கேமராவைத் தூக்கிப் பார்த்தாள். சான்றிதழ் தெரிந்தது. சமையல் கூடம் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்பைத் தூக்கி டெம்போவில் ஏற்றினார்கள். பதிவு எண்ணைத் தூக்கி ஏற்றவில்லை. ஆவணியிலிருந்து பொன்னாத்தாள் வீட்டில் பொரித்ததற்கெல்லாம் இந்த வீட்டு விலாசம் போட்ட பழைய ஸ்டிக்கரை ஒட்டியே விற்றிருக்கிறார்கள். மிச்சம் இருந்த ஸ்டிக்கர் தீரட்டும் என்று அவள்தான் கொடுத்தாள். தீட்டு எங்கே படும், எங்கே படாது என்று அத்தனை யோசித்த மூன்று பேருக்கும் இது மட்டும் தோன்றவில்லை.

கொல்லங்கோட்டில், அரசு விண்ணப்பங்கள் போட்டுத் தருகிற அட்சயா சென்டர் நடத்துகிற சிஞ்சுதான் முதல் தடவை விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவள். மலையாளி. மௌனிகாவோடு பேசும்போது தமிழுக்கு வருவாள், அவசரம் என்றால் திரும்பிப் போய்விடுவாள். கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"ஆளுக்கு மாத்திரம் இல்ல சேச்சி, இது இடத்துக்கும்கூட. எங்க பொரிக்கிறீங்களோ அந்த வீட்டுக்கு வேணும். வேற வீடுன்னா புதுசா போடணும்."

பழைய விலாசத்தையே போட்டால் என்ன ஆகும் என்று மௌனிகா கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். ஆனால் அலர்ஜி வரியை எழுதின கையால் அதை எழுத முடியாது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தெரிந்தது. அதைவிட, பொய் சொன்னால் அது தனக்காகச் சொன்னதாக இருக்கும் என்பதும் தெரிந்தது. டப்பாவில் அவள் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அந்தப் பொய்யின் ஆசை.

சிஞ்சு ஒரு வழி சொன்னாள். பொன்னாத்தாள் வீட்டு விலாசத்தில், மௌனிகாவின் பெயரிலேயே போடலாம். வீட்டுக்காரர் சம்மதம் என்று ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்கி வந்தால் போதும். ஒரு வாரம், பத்து நாளில் கிடைத்துவிடும். தீபாவளிக்கு நேரம் இருக்கிறது.

வழியெல்லாம் மௌனிகாவுக்குக் கால் தரையில் படவில்லை. சம்மதத் தாளைச் சிஞ்சுவே அடித்துக் கொடுத்திருந்தாள். வீட்டுக்குப் போய்ச் சட்டத்தையும் ஆணியிலிருந்து கழற்றி முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டாள். எவ்வளவு சின்னது, சுவரில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று காட்டத்தான்.

பொன்னாத்தாள் வாசலில் பச்சைக் கடலையைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். மாரப்பன் கட்டிலில் சாய்ந்து பேப்பர் பார்த்தார். மௌனிகா விஷயத்தைச் சொன்னாள். எண் இடத்தோடு சேர்ந்தது என்பதைச் சொன்னபோது மாரப்பன் சிரித்தார்.

"அட, ஊடு மாறுனா கரண்டுக் கனெக்சனாட்டம் நம்பரும் மாறுமா?"

"ஆமாங்க மாமா. இந்த ஊட்டு விலாசத்துல என்ர பேருல போட்டுக்கலாமாமா. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவர் பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தொட்டார். பொன்னாத்தாள்தான் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதாட்டவே ஒண்ணு வருமா கண்ணு?"

"ஆமாங்கக்கா. இவ்வளவுதான். சொவத்துல மாட்டோணும்."

"உள்ளயா?"

"பொரிக்கற எடத்துலீங்க."

பொன்னாத்தாள் கையைத் தட்டித் தோலை உதிர்த்தாள். கண்ணாடியின் மேல் விரல் படாமல், எழுத்துக்கு நேராக விரலைப் பிடித்துப் படித்தாள். மௌனிகா கோகுல்நாத். ஆதார் கார்டில் உள்ளபடிதான் பெயர் வரும். வேறு மாதிரி வராது. பொன்னாத்தாளின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. அதை யாரும் இப்போது சொல்லவில்லை.

"கண்ணாடி போட்டு," என்றாள் பொன்னாத்தாள், "அவன் பேர சொவத்துல…" அதற்கு மேல் போகவில்லை. அவள் கெட்டவள் இல்லை. கோகுல்நாத் செத்த அன்று மௌனிகாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பொழுது விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தவள். அவள் கண்ணில் இப்போது இருந்தது பயம். பயத்துக்கு எதிராக என்ன எழுதிக் காட்டுவது?

மாரப்பன் பேனாவைத் திரும்பப் பையில் செருகினார்.

"வருசம் திரும்பட்டும், கண்ணு. அப்பறம் உன்ர பேருக்கே மாத்திக்கலாம்" என்றாள் பொன்னாத்தாள்.

சட்டத்தின் மேல் இருந்த பெயரில் தன்னுடையது எங்கே முடிந்து அவனுடையது எங்கே ஆரம்பிக்கிறது என்று மௌனிகா பார்த்தாள். நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. பன்னிரண்டு வருஷம் அந்த இடைவெளியை அவள் கவனித்ததில்லை. அவன் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து எழுதியதில் ஒரு காலத்தில் பெருமை இருந்தது. பெயரை விடு, என்னை உள்ளே விடு என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் அவனையும் அவளே ஆணியிலிருந்து கழற்றினது போல ஆகியிருக்கும். சட்டத்தைத் திருப்பி மார்போடு வைத்துக்கொண்டாள்.

"அப்ப உங்க பேருலயே போட்டர்லாமுங்கக்கா" என்றாள். "ஆதார் கார்டும் ஒரு போட்டோவும் குடுங்க."

பொன்னாத்தாள் உடனே எழுந்து உள்ளே போனாள். அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம் என்று மௌனிகாவுக்குத் தோன்றியது.

சிஞ்சு ஆதார் கார்டை வாங்கிக்கொண்டாள். விண்ணப்பத்தில் தொழில் நடத்துபவர் பெயர் என்ற கட்டத்தில் பொன்னாத்தாள் என்று தட்டினாள். பழைய பதிவு தை மாதம் முடிகிறது, அதைப் புதுப்பிக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். அங்கே வேலை நடக்கவில்லை என்றால் எதற்கு என்று அவளே பதிலும் சொன்னாள். ஒன்பதாம் நாள் புது எண் வந்தது. பொன்னாத்தாள் வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டிச் சந்தனம் வைத்தார்கள். மௌனிகாதான் போட்டோ எடுத்தாள். சட்டி, அடுப்பு, தலையில் வெள்ளைத் தொப்பியோடு பொன்னாத்தாளும் மருதாத்தாளும், சுவரில் சான்றிதழ். எடுத்தவள் படத்தில் இல்லை. அது எந்தப் படத்திலும் அப்படித்தான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பிறகு லேபிளின் கடைசி வரியைத் திருத்த உட்கார்ந்தாள். அழிக்கிற பொத்தானை அழுத்தி வைத்திருந்தால் எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் போகும். முதலில் பின்கோடு, ஊர், வீட்டு எண். பிறகு கோகுல்நாத் போனான். அதன் பிறகு அவள். அந்த இடத்தில் பொன்னாத்தாள் என்று தட்டினாள். ஒரு பிழையும் இல்லாமல் தட்டினாள்.

பரிசு வரி மேலே இருந்தது. எங்கள் கையால் செய்தது. அதை இன்னொரு தடவை படித்தாள். எண்ணெய் எடைக்குத் தராசு இருந்தது. நாளுக்குப் பரிசோதனைக் கூடத்துத் தாள் இருந்தது. பெயருக்கு ஆதார் இருந்தது. இந்த ஒரு வரிக்கு மட்டும் யாரும் எந்தச் சான்றும் கேட்கவில்லை. அதை விட்டுவைத்தாள்.

அக்டோபர் எட்டாம் தேதி போட்டு டப்பாக்கள் அடைத்தார்கள். நவம்பர் இருபத்திரண்டு வரைக்கும். தேதி முத்திரையைப் பொன்னாத்தாளின் மகள் குத்தினாள். ஏலப்பாறைக்கு வண்டி ஏறினதும் ஜோமோன் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான்.

தீபாவளி அன்று காலையில் பொன்னாத்தாள் தூக்குப்போசியோடு வந்தாள். சட்டி வைக்காத வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வந்திருந்தாள். போசியில் கச்சாயம் இருந்தது. பாகு முறுகியிருந்தது. கூடவே ஒரு டப்பா.

"ஒண்ணு மிச்சம் வெச்சோம். நீயும் ஒண்ணு பாக்கோணுமில்ல" என்று மௌனிகாவின் கையைப் பிடித்து அதில் வைத்தாள். பிறகு ஞாபகம் வந்தது போலச் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கும் விடுதிக்காரர்கள் கேட்கிறார்களாம். இனி அது ஒரே தடவை இல்லையாம்.

"அப்ப லேபிளுக்கு…" என்றாள் மௌனிகா.

"அதுக்கு ஒனக்கு எதுக்குக் கண்ணு செரமம்? எல்லாம் அதேதானாம். தீபாவளிங்கற எடத்துல கிறிஸ்துமஸ்னு ஸ்டிக்கர்க்காரரே மாத்திக்குவாராம். தேதி நம்ம புள்ள குத்திப்போடும்."

ஆமாம், ஒரு தடவை சரியாக எழுதிவிட்டால் திரும்ப எழுத வேண்டியதில்லை. அரைகுறையாக எழுதியிருந்தால் இன்னொரு தடவை கூப்பிட்டிருப்பார்கள். அவள் உப்பு வரைக்கும் நிறுத்து எழுதியிருந்தாள்.

டப்பாவை அவள் பிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவை போட்டதிலும் ஒன்றைத் தேதி முடிகிற மட்டும் தனியே எடுத்து வைப்பது அவளுடைய வழக்கம். பொன்னாத்தாள் வீட்டில் அப்படி ஒன்று வைத்தார்களா என்று தெரியவில்லை. அலமாரியில், பழைய பொட்டலங்கள் இருந்த இடத்தில் வைத்தாள். அவ்வப்போது எடுத்து லேபிளைப் படித்தாள். தட்டுவடைக்கு நேராக, அரிசி மாவு, கடலை எண்ணெய், நிலக்கடலை, உளுந்து மாவு, வெண்ணெய். கீழே போகப் போக எடை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பெருங்காயம், அதற்குள் அடைப்புக்குறியில் கோதுமை மாவு. எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும் என்று சட்டம் இருந்தது.

இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகைக்கு ஒரு முக்காலியைக் கொண்டுபோய் நான்கு கால் தடத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சட்டம் பீரோவுக்குள், அவன் வேட்டிகளின் மேல் கிடந்தது.

முதலில் மோந்து பார்த்தாள். காறல் இல்லை. கறிவேப்பிலை வாசம்கூட இன்னும் லேசாக இருந்தது. ஒரு தட்டுவடையை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தாள். டைல்ஸ் ஒட்டின அந்த வெறும் அறையில் சத்தம் சுத்தமாகக் கேட்டது. நாக்கின் நுனியில் வைத்தாள். உப்பு சரியாக இருந்தது.

அவள் வைத்த நாள் சரிதான். இன்னும் நான்கைந்து நாள்கூடத் தாங்கும். இதைச் சொல்லவேண்டிய ஆள் யார் என்று யோசித்தாள். நோட்டை எடுத்து, நாற்பத்தைந்தாம் நாள், நன்று என்று எழுதித் தேதி போட்டாள். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு நோட்டை மூடிவிட்டாள்.

டப்பாவில் இன்னும் பதினொரு தட்டுவடையும் முறுக்கும் உருண்டையும் இருந்தன. நாளைக்கு அவை தேதி தாண்டினவை. யாருக்கும் கொடுக்க முடியாது. இன்றைக்குக் கொடுக்கலாம். ஆனால் இந்த வீட்டிலிருந்து பலகாரம் வாங்குகிற வீடு ஊரில் இன்னும் ஏழு மாதத்துக்கு இல்லை. அவள் இன்னொன்றை எடுத்து உடைத்தாள். சாப்பிட்டாள். மெதுவாக, ஒவ்வொன்றாக, பொழுது சாய்கிற வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.